கையில் ஆஃபர், மனதில் மேற்படிப்பு: இறுதியாண்டு மாணவர்களின் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். பிப்ரவரி தொடங்கி ஜூன் வரை வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான். இந்த முறை நான்கு.

மெக்கானிக்கல் இறுதியாண்டு. கேம்பஸில் ஐ.டி. கம்பெனி ஒன்று வருடம் 3.6 லட்சத்துக்கு எடுத்திருக்கிறது. கேட் தேர்விலும் ஓரளவு நல்ல மதிப்பெண். எம்.டெக். போனால் இரண்டு வருடச் சம்பளம் போய்விடும் என்கிறார் அப்பா. என்ன செய்வது? (விருதுநகர் வாசகர்)

முதலில் அந்த 3.6 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். உங்கள் அளவிலான ஆஃபர்களில் நான் வழக்கமாகப் பார்ப்பது இதுதான்: வருட இறுதியில், அதுவும் கம்பெனி மனது வைத்தால் வரும் ஊக்கத்தொகை 24,000. கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600. கிராச்சுட்டி ஏழாயிரம் சொச்சம், இன்சூரன்ஸ் ஐந்தாயிரம். இதையெல்லாம் கழித்தால் மாதம் 25,000 நிற்கும். உங்கள் பங்கு பி.எஃப்., தொழில்வரி போக வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 23,000. சென்னையில் தங்கல், சாப்பாடு, பஸ் எல்லாம் போக மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தாலே கெட்டிக்காரர். இரண்டு வருடத்தில் அது 2.4 லட்சம்.

இனி எம்.டெக். பக்கம். கேட் மதிப்பெண்ணில் சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600. கட்டணமும் விடுதியும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், சில இடங்களில் பணம் மாதக்கணக்கில் தாமதமாகவும் வரும். ஆனாலும் அப்பா நினைக்கிற மாதிரி ஏழு லட்சம் நஷ்டம் இல்லை. உண்மையில் விட்டுக்கொடுப்பது அந்த இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான்.

அதனால் பணத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேதிகளைப் பாருங்கள். கேட் மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து மூன்று வருடம் செல்லும். கேம்பஸ் ஆஃபர் உங்களுக்காக ஒரு வருடம் காத்திருக்காது. ஐ.ஐ.டி.க்களின் ஆஃபர்கள் வரும் COAP தளம் மே மாதம் ஓட ஆரம்பிக்கும், என்.ஐ.டி.க்களுக்கான CCMT அதற்குப் பின். கம்பெனி சேரும் தேதி ஜூலையாகவும் இருக்கலாம், டிசம்பருக்குத் தள்ளியும் போகலாம். ஆகவே இப்போதைக்கு ஆஃபரை ஏற்றுக்கொண்டு, COAP-இல் சுற்றுச் சுற்றாக வருவதைப் பாருங்கள். `Retain and Wait` என்பது கையில் வந்ததைப் பிடித்துக்கொண்டு மேலானதற்குக் காத்திருப்பது. அதை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு, முதல் சுற்றிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

விரும்பிய துறை கிடைத்தால் போங்கள். கிடைத்தது நீங்கள் விரும்பாத பிரிவு என்றால் வேலைக்குப் போய்விட்டு, அதே மதிப்பெண்ணில் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐ.டி.யில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 90 நாள். எம்.டெக். வகுப்பு ஜூலை கடைசியில் தொடங்கும். அப்படியானால் ஏப்ரல் இறுதியில், இடம் கைக்கு வரும் முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். பயிற்சிக் காலத்தில் நோட்டீஸ் குறைவா, பணம் கட்டிவிட்டு முன்பே கிளம்ப முடியுமா என்று சேரும் முன்பே ஆஃபர் லெட்டரில் தேடுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் ஓடி வந்தவர்கள் இரண்டு வருடம் கழித்து அடுத்த வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

போகப்போவதில்லை என்று முடிவானால் கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியிடம் உடனே சொல்லிவிடுங்கள். சேரும் நாளன்று காணாமல் போனால் அடி விழுவது உங்கள் ஜூனியர்களுக்கு.

இரண்டு வருட பாண்ட், மீறினால் 1.5 லட்சம், ஒரிஜினல் சான்றிதழும் கொடு என்கிறார்கள். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போகத் திட்டம். பாண்ட் செல்லாது என்று நண்பர்கள் சொல்கிறார்களே? (ஈரோடு வாசகி)

நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்பது அந்தத் தடைக்குள் வராது. ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரியின் வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. தனியார் கம்பெனி என்றால் எழுதிய தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான், அந்தத் தொகை வெறும் உச்சவரம்பு. பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவழித்தார்கள் என்ற கேள்வி வரும். ஆனால் இருபத்திரண்டு வயதில் வக்கீல் வைத்து அதை வாதாட யாருக்குப் பொழுது இருக்கிறது? ஒரு வருடத்தில் கிளம்புவது உறுதி என்றால் 1.5 லட்சத்தை எம்.பி.ஏ. செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுப்படியாகவில்லையா, வேறு வேலை பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க நேரில் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். எம்.பி.ஏ. சேர்க்கைக்கு அதே காகிதம்தான் வேண்டும். அதைவிட ஆபத்து, தொகை எழுதாத கையெழுத்திட்ட காசோலை. அது பணமில்லாமல் திரும்பினால் பாண்ட் தகராறு காசோலை வழக்காக மாறி, கிரிமினல் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும்.

அமெரிக்காவில் எம்.எஸ். செய்ய 30 லட்சம் கடன். இல்லையென்றால் இங்கே 4 லட்சம் வேலை. (திருச்சி வாசகர்)

கடன் 11 சதவீதம் என்று வைப்போம். முழுத்தொகையும் வாங்கிய பின் வட்டி மட்டும் மாதம் 27,500. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடாது என்று அதற்குப் பொருள் இல்லை. பத்து வருடத் தவணை என்றால் மாதம் 41,000-க்கு மேல், சேர்ந்த வட்டி தனி. அங்கே வேலை கிடைத்தால் இது பெரிய தொகை இல்லை. விசா அமையாமல் ஊர் திரும்பினால் இந்தியச் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கும் கடன் என்றால் நான் வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் வேலை பார்த்து, கம்பெனி அனுபவத்தோடு கட்டண உதவி தரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பி.காம். முடிக்கிறேன். தணிக்கையாளர் அலுவலகத்தில் மாதம் 14,000-க்கு அழைப்பு. எம்.காம். படித்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆக ஆசை. (கடலூர் வாசகி)

வேலைக்குப் போங்கள், எம்.காமைத் தொலைதூரக் கல்வியில் முடியுங்கள். அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆனால் முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.எட். வேண்டும். அதைத் தொலைதூரத்தில் படிப்பது, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கான வழி. உங்களுக்குக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் இரண்டு வருடம்தான். தணிக்கை அலுவலகச் சம்பளத்தில் அந்த இரண்டு வருடத்துக்கான பணத்தை இப்போதே தனிக் கணக்கில் சேர்க்க ஆரம்பியுங்கள்.