அடுக்குமாடிக் குழுவுக்கு எந்தப் பெயர் பொருந்தும்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் குடியிருப்போர் குழு தொடங்குகிறோம். புதிதாக வாடகைக்கு வருபவர்களும் தயங்காமல் சேரும்படி நட்பான பெயர் ஒன்று சொல்லுங்களேன்.

காரைக்குடியில் நான் வசிக்கும் கட்டடத்தில் 18 வீடுகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் வாடகை வீடுகள். எங்கள் குழுவின் முதல் பெயரில் 'உரிமையாளர் நலச் சங்கம்' என்ற சொற்கள் இருந்தன. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள் பற்றிய கூட்டத்துக்கு வாடகைக்கு இருந்தவர்கள் ஒருவரும் வரவில்லை. பிறகு விசாரித்தபோது, அது வீட்டுக்காரர்களின் கூட்டம் என்றே அவர்கள் எண்ணியிருந்தது தெரிந்தது. ஆகவே முதலில் 'உரிமையாளர்' என்பதை நீக்கிவிட்டுக் 'குடியிருப்போர்' என்று எழுதுங்கள். அச்சொல்லில் இரு தரப்பினரும் அடங்குவர்.

அடுத்து எங்களுக்குத் தோன்றிய பெயர் 'வளவு'. செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் குறிக்கும் அழகான சொல் அது என்பதால் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் மூன்றாம் மாடியில் இருக்கும் ஆச்சி மறுத்துவிட்டார்கள். "வளவு பங்காளிகளுக்கு உரிய இடம் அப்பச்சி, அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும், அதான் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், பங்கு உண்டு, நேத்து வந்தவங்களுக்கு அதுல என்ன இருக்கு? திண்ணைன்னு வையுங்க, வழிப்போக்கரும் கேட்காம உட்காரலாம்" என்றார்கள். அந்த வேறுபாட்டை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. 'குடும்பம்' என்ற சொல்லையும் இதே காரணத்தால் தவிர்த்தோம். ஏற்கெனவே நெருங்கிப் பழகியவர்களின் வட்டத்துக்குள் நுழைவது போன்ற கூச்சத்தை அது புதியவருக்குத் தரும்.

முடிவில் 'நம்ம திண்ணை' என்று வைத்து, அதன் கீழே சிறிய எழுத்தில் 'குடியிருப்போர் அனைவருக்கும்' என்று சேர்த்தோம். கட்டடத்தின் பெயரை முன்னால் வைக்காததற்கும் காரணம் உண்டு: வாட்ஸ்அப் பட்டியலில் நீண்ட பெயரின் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால், அழைக்கும் சொல் முதலில் வருவது நல்லது.

பெயரை உறுதி செய்யுமுன், அண்மையில் குடிவந்த இருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் அதைக் காட்டி, "இதில் யாரெல்லாம் சேரலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "நானும் சேரலாமா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அந்தப் பெயர் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். உரிமையாளர்களின் பதிவுபெற்ற சங்கம் இருந்தால் அது தன் பதிவுப் பெயரிலேயே இருக்கட்டும். வங்கிக் கணக்கு, பராமரிப்புக் கட்டண ரசீது, மின்வாரியத்துக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றில் அந்தப் பெயரே வர வேண்டும். 'நம்ம திண்ணை' எங்கள் அறிவிப்புப் பலகையிலும் கைபேசிக் குழுவிலும் மட்டுமே இருக்கிறது. சாவியைப் பெற வருபவரிடம் வீட்டு விதிகளைத் தருவதற்கு முன்பே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.