நைட் ஷிப்ட் நர்ஸின் ஒரு இரவைக் கேரோசலாக்குவது: கேள்வி பதில்

அக்கா, என் இரவு டூட்டியைப் பற்றி, ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிப் பார்க்கும் கேரோசல் பதிவுக்கு மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஸ்லைடு போட்டிருக்கிறேன். சரியா?

எட்டு போதும். மணிக்கு ஒன்று வைத்தால் எல்லா மணிக்கும் ஒரே எடை வந்துவிடும். இரவு டூட்டி அப்படி ஓடாது. அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு ஒன்று, பின்னிரவுக்கு மூன்று கொடுங்கள்.

பின்னிரவில் எல்லோரும் தூங்குவார்கள், வேலை குறைவு. அங்கே காபி படம் வைக்கலாமே?

நோயாளிகளைப் பார்க்க அப்போது யாரும் வருவதில்லை, சரி. ஆனால் டூட்டியில் இருக்கும் ஆளும் குறைவு. 3 மணியிலிருந்து 5 மணி வரை நம் உடல் வெப்பம் இறங்கி, கவனம் மங்கும். அந்த நேரத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போகும் பம்ப்பின் அளவை மாற்ற வேண்டியிருந்தால், இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, நம் விடையைச் சொல்லாமல் அவரையே தனியாகக் கணக்குப் போடச் சொல்கிறோம். அதைக் காட்டுங்கள்.

பெயர், முகம் எதுவும் இல்லை. "நேற்று 3 மணிக்கு 6ஆம் பெட் தாத்தா மகனைக் கேட்டு அழுதார்" என்று எழுதினேன். என்ன தப்பு?

அந்த மகன் படித்தால் அப்பாவைக் கண்டுகொள்வார். நேற்று, 3 மணி, 6ஆம் பெட், தாத்தா: தனித்தனியே எதுவும் காட்டிக்கொடுக்காது, சேர்ந்தால் ஒரே ஆள்தான். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பது உங்களைப் பின்தொடர்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெட் நம்பரை மட்டும் அழித்தாலும் தீராது. நோயாளியின் அழுகையை விட்டு உங்கள் வேலையை எழுதுங்கள்: "இரவில் சில பெரியவர்களுக்கு இடமும் நேரமும் குழம்பும். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, எங்கே இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொல்வேன்." சில வாரம் கழித்துப் போடுங்கள்.

என் பாட்டிக்கும் இரவில் இப்படித்தான். என்ன மாத்திரை கொடுக்கலாம்?

மாத்திரை வேண்டாம். திடீரென்று வந்த குழப்பமென்றால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்; தொற்றாக இருக்கலாம்.

முகத்தை ப்ளர் செய்தால் நோயாளி படம் போடலாமா?

கூடாது. கைப்பட்டை, கேஸ் ஷீட், மானிட்டரின் மேல் ஓரத்தில் பெயர், ஜன்னல் கண்ணாடியில் பக்கத்துப் படுக்கை என்று ஏதாவது தப்பிவிடும். நோயாளி இருக்கும் இடத்தில் போனையே எடுக்காதீர்கள். டூட்டி முடிந்தபின், நிர்வாகத்தின் அனுமதியோடு, காலி அறையில் உங்கள் கையையும் ஷூவையும் எடுங்கள்.

தங்கச்சி, நான் சீனியர் சிஸ்டர். சாவு நடந்த இரவுகளை விட்டுவிட்டு இதை நேர்மை என்று சொல்லாதே.

விடச் சொல்லவில்லை, அக்கா. உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வதை, திரை இழுப்பதை ஒரே ஸ்லைடில் எழுதலாம். படம் வேண்டாம், இசை வேண்டாம்.

எழுதினாலும் யாரோ ஒரு வீட்டார் அது தங்கள் ஆள் என்றுதான் நினைப்பார்கள். எழுதவும் கூடாது, மறைக்கவும் கூடாது. என்ன செய்வாய்?

அது உண்மைதான். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. குறிப்பிட்ட ஒரு மரணத்தை எழுதாமல், எப்போதும் செய்யும் வேலையாக எழுதுகிறேன். அதுவும் சில வீட்டாரைச் சுடும்.

ப்ளர் இல்லாமல் எமோஜி வைத்து மறைத்தால்?

ப்ளர் கேள்விக்குச் சொன்னதேதான். கூடாது.