‘மிஸ் யூ அப்பா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"மறைந்த அப்பாவின் படத்துக்கு ‘ஐ மிஸ் யூ சோ மச், அப்பா’ என்று எழுதியிருந்தேன். தமிழில் மாற்றினால் ‘நான் உங்களை மிகவும் இழக்கிறேன்’ என்று விறைப்பாக வருகிறது. என்ன செய்யலாம்?"

‘மிஸ்’ என்ற வினைக்கு நேர்ச்சொல் தேடுவதை முதலில் விடுங்கள். ஆங்கிலத்தில் ‘நான்’ ஒரு செயலைச் செய்கிறேன். தமிழில் இந்த ஏக்கத்தைப் பெரும்பாலும் எதிரில் இருக்கும் வெறுமையின் மேல் ஏற்றித்தான் சொல்வோம்: "நீங்க இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்குப்பா."

இதில் ‘நான்’ இல்லை, ‘மிகவும்’ என்பதும் இல்லை. அந்த அழுத்தத்தை ‘வீடே’யில் உள்ள ஏகாரம் தாங்குகிறது. ‘அப்பா’ தனியாக நிற்காமல் வினையோடு ஒட்டி ‘இருக்குப்பா’ ஆனதும் குரல் கேட்கிறது. உங்கள் வீட்டில் அப்பாவை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டீர்கள் என்றால் ‘நீ இல்லாம’ என்றே எழுதுங்கள். மரியாதைக்காக மாற்றினால் வேறு யாரோ பேசுவது போல் ஆகிவிடும்.

அப்புறம், ‘நீங்கள் இல்லாம’ என்று எழுத்து வழக்கையும் பேச்சையும் கலக்காதீர்கள். விறைப்பு அங்கேதான் திரும்ப வரும். எழுதியதை அப்பாவிடமே சொல்வது போல ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கு எந்தச் சொல்லைத் தானாக மாற்றுகிறதோ, அதைத் திருத்துங்கள்.