ஐடிலில் நடுக்கம், P0011

"எஞ்சின் சூடானதும் ஐடிலில் நடுங்கி அணைந்துவிடுகிறது, 2500 ஆர்பிஎம்முக்கு மேல் சீராக ஓடுகிறது. ஸ்கேனரில் P0011. பிளக், காயில் மாற்றியும் பயனில்லை."

வணக்கம். இன்டேக் கேம்ஷாஃப்ட் முன்தள்ளிய நிலையிலிருந்து திரும்பவில்லை என்பதையே அந்தப் பிழைக் குறியீடு காட்டுகிறது. அந்நிலையில் எக்சாஸ்ட் வால்வு மூடுமுன்பே இன்டேக் வால்வு திறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் கோணம் 40 டிகிரி என்று கொண்டால், 3000 ஆர்பிஎம்மில் அது சுமார் 2 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். 750 ஆர்பிஎம்மிலோ ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் நீளும். ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் வலுவாக இருக்கும். அது எரிந்த புகையைப் பின்னோக்கி இழுத்துப் புதுக் கலவையோடு சேர்த்துவிடுவதால் சிலிண்டர் சரியாகப் பற்றுவதில்லை. வேகத்தில் த்ராட்டில் திறந்து வெற்றிடமும் குறைவதால் கோளாறு மறைந்துவிடுகிறது.

முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் கேமைத் திருப்புவது ஆயில் அழுத்தமே. பிறகு ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி, அதன் வலையில் கசடு இருந்தால் நீக்கி, 12 வோல்ட்டைக் கணநேரம் மட்டும் தொட்டுக் காட்டுங்கள். உள்ளிருக்கும் தண்டு டக்கென்று நகர்ந்து திரும்ப வேண்டும். (நெடுநேரம் கொடுத்தால் வால்வின் காயில் கருகிவிடும்.) திரும்பாவிட்டால் வால்வை மாற்றுங்கள். தண்டு நன்றாக நகர்ந்தும் நடுக்கம் தொடர்ந்தால், கேமைத் திருப்பும் ஃபேசரையோ நீண்டுபோன டைமிங் செயினையோ சந்தேகிக்க வேண்டும். அண்மையில் செயினைக் கழற்றி மாட்டியிருந்தால், நான் டைமிங் குறிகளையே முதலில் சரிபார்ப்பேன்.