சாவு எப்படி வந்தது? தொன்மக் கதைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கடவுள் மனுஷனைச் சாகிறவனாகவே படைச்சார்னு சொல்லிட்டா கதை முடிஞ்சிடும். எதுக்குக் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கற மாதிரி கதை சொல்றாங்க?

அப்படி நேராகச் சொல்லும் கதைகளும் உண்டு. ஆனால் அதைக் கேட்டவன் அடுத்து "ஏன் அப்படிப் படைத்தார்?" என்பான். கைநழுவிய வாய்ப்பின் கதையில் அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எதை இழந்தோம் என்பதோடு, அதற்குப் பதிலாக எது கிடைத்தது என்பதையும் அது சொல்லிவிடும்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் போசோ பகுதி மக்கள் சொன்ன கதை இது. ஆதியில் வானம் பக்கத்தில்தான் இருந்ததாம். படைத்தவர் கயிற்றில் கட்டிப் பரிசுகளை இறக்குவார். ஒருநாள் ஒரு கல் வந்தது. முதல் தம்பதி "இந்தக் கல்லை வைத்து என்ன செய்வது? வேறு ஏதாவது கொடுங்கள்" என்றார்கள். கயிறு மேலே போய், வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். உடனே மேலிருந்து குரல் வந்தது: கல்லை எடுத்திருந்தால் கல்லைப்போல மாறாமல் இருந்திருப்பீர்கள், வாழையைக் கேட்டீர்கள், இனி கன்று விட்டதும் தாய்மரம் சாவதுபோல நீங்களும் சாவீர்கள், பிள்ளைகள் உங்கள் இடத்துக்கு வருவார்கள்.

கல்லுக்குச் சாவு இல்லைதான், ஆனால் பிள்ளையும் இல்லை, பசியும் இல்லை. அந்தத் தம்பதியை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியத் தொன்ம நூலான கோஜிகியிலும் இதே தேர்வு வருகிறது. வானிலிருந்து இறங்கிய, பேரரசர்களின் மூதாதையான நினிகிக்கு மலைத்தெய்வம் தன் மகள்கள் இருவரையும் அனுப்புகிறது. பாறையின் பெயர் கொண்ட அக்கா அழகில்லை என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டு, மலரின் பெயர் கொண்ட தங்கையை மட்டும் ஏற்கிறான். அதனால்தான் பேரரசர்களின் ஆயுள் பூவைப்போலக் குறுகியது என்கிறது கதை.

கேள்வி: வாழையடி வாழைன்னு நாம வாழ்த்தா சொல்றதை அவங்க சாபமா சொல்றாங்களே?

மரம் ஒன்றுதான். நாம் கன்றுகளின் பக்கம் நின்று பார்க்கிறோம், அவர்கள் தாய்மரத்தின் பக்கம் நின்று பார்க்கிறார்கள்.

கேள்வி: கில்காமேஷுக்குச் சாகாவரம் கிடைச்சது, பாம்பு திருடிக்கிட்டுப் போயிடுச்சு. ஏதேன் தோட்டத்துப் பாம்பும் இதுவும் ஒண்ணுதானே?

பாதி சரி. பாம்பு எடுத்துப் போனது சாகாவரத்தை அல்ல, இளமை திரும்பும் செடியை. சாகாவரம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. கில்காமேஷ் ஊருக் நகரத்து மன்னன், களிமண் பலகைகளில் எழுதப்பட்ட பழைய மெசபடோமியக் காவியத்தின் நாயகன். அதன் பதினோராம் பலகையில் இருக்கும் அந்தக் காட்சியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நண்பன் எங்கிடு செத்துப்போகிறான். மூக்கிலிருந்து புழு விழும்வரை உடலைப் புதைக்க விடாமல் வைத்திருந்த கில்காமேஷ், பிறகு உலகின் ஓரத்துக்கே போகிறான். அங்கே வெள்ளத்தில் தப்பி, தேவர்களிடம் சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிம் இருக்கிறார். "உனக்காகத் தேவர்களை யார் கூட்டுவார்கள்? சரி, ஆறு பகல் ஏழு இரவு தூங்காமல் இரு பார்க்கலாம்" என்கிறார். உட்கார்ந்த மாத்திரத்தில் கில்காமேஷுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எழுந்தால் பொய் சொல்வான் என்று, உத்னபிஷ்டிமின் மனைவி தினம் ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைத்து, சுவரில் குறியும் போடுகிறாள். அவன் விழிக்கும்போது முதல் ரொட்டி காய்ந்து போயிருக்கிறது. இரண்டாவது தோல்போல ஆகிவிட்டது, மூன்றாவது ஈரம் கோத்திருக்கிறது, நான்காவது வெளுத்துவிட்டது, ஐந்தாவதில் பூஞ்சணம். ஆறாவது புதிது, ஏழாவது இன்னும் தணலில். அவனோ "இப்போதுதான் கண்ணயர்ந்தேன், அதற்குள் எழுப்பிவிட்டீர்களே" என்கிறான். தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, ரொட்டிகளே போதும்.

செடி அதற்கப்புறம் கிடைக்கும் ஆறுதல் பரிசுதான். காலில் கல்லைக் கட்டி நீரடியில் இறங்கிப் பறிக்கிறான். உடனே தின்னாமல், ஊருக்கு எடுத்துப்போய் ஒரு கிழவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறான். வழியில் குளிர்ந்த குளம் ஒன்றில் குளிக்கப் போகிறான். வாசனை பிடித்து வந்த பாம்பு செடியைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியிலேயே சட்டையை உரித்துவிட்டுப் போகிறது.

ஏதேனில் பாம்பு எதையும் எடுத்துப் போகவில்லை, பேசித் தூண்டுவதோடு சரி. அங்கே கட்டளையை மீறியதற்குத் தண்டனை இருக்கிறது. கில்காமேஷ் செய்த குற்றம் என்ன? தூங்கினான், குளித்தான்.

கேள்வி: மதுக்கடைக்காரி சிதூரி "வயிறாரச் சாப்பிடு, தலைக்குக் குளி, உன் கையைப் பிடித்திருக்கும் பிள்ளையைப் பார்" என்கிறாளே, அதுதானே காவியத்தின் முடிவான செய்தி? செடி, பாம்பு எல்லாம் அதற்கு ஓர் அலங்காரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் சொல்லும் பேச்சு பழைய பாபிலோனியப் பிரதியில்தான் இருக்கிறது. பின்னால் பரவலாகப் படியெடுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைப் பிரதியிலும் சிதூரி வருகிறாள், அந்த அறிவுரை மட்டும் அங்கே இல்லை. ஏன் விட்டார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து கிடையாது. என் எண்ணம், வழியிலேயே பதிலைச் சொல்லிவிட்டால் ரொட்டிக்கும் பாம்புக்கும் வேலை இருக்காது என்பது. அந்தப் பிரதியில் கில்காமேஷ் உட்கார்ந்து அழுகிறான், பிறகு ஊர் திரும்பி, தன்னோடு வந்த படகோட்டியிடம் ஊருக் நகரின் மதிலைக் காட்டி "ஏறிப் பார், செங்கல் சுட்டதுதானா என்று சோதித்துப் பார்" என்கிறான். மனம் ஆறிவிட்டது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் "சாவை ஏற்றுக்கொண்டான்" என்று பாடநூல் பாணியில் எழுத எனக்குத் தயக்கம்.

கேள்வி: ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனி எந்த வகை? தினமும் நெல்லிக்காய் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

அதைச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கதையைக் கொண்டுவந்ததற்கு நன்றி. இங்கே வாய்ப்பு நழுவவில்லை, கைமாறுகிறது. "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்று புறநானூறு 91-இல் பாடிய அதே ஔவை, 235-இல் அதியமான் இறந்ததற்கு ஒப்பாரி பாடுகிறார். கொடுத்தவன் போய்விட்டான், வாங்கியவர் அழுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: நந்தி சிவன் சொன்னதை மாத்திச் சொன்ன கதையும் இந்த வகைதானே?

சாவைப் பற்றியது இல்லை, ஆனால் எலும்புக்கூடு அதேதான். தினம் எண்ணெய்க் குளியல், மாதம் ஒரு சாப்பாடு என்பதை மாற்றிச் சொன்னதால் மாடு ஏர் இழுக்கிறது. தென்னாப்பிரிக்க ஜூலு மக்களிடம் இதே அமைப்பில் சாவின் கதை உண்டு. "மனிதர்கள் சாகவேண்டாம்" என்ற சேதியோடு பச்சோந்தி புறப்படுகிறது, வழியில் பழம் தின்று தாமதிக்கிறது. "சாகட்டும்" என்ற சேதியோடு பின்னால் கிளம்பிய பல்லி முந்திவிடுகிறது. பச்சோந்தி வந்து சொன்னபோது மக்கள், பல்லியின் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்கிறார்கள்.

கேள்வி: அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. முதல் நாளே வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாங்களோன்னு இன்னும் ஓடுது. இந்தக் கதைகளால அது அடங்குமா?

அடங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று என்ன நடந்திருக்கும் என்பது அந்தச் சிகிச்சை விவரம் தெரிந்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ஒருமுறை கேட்டுவிடுவதும் நல்லது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "கொஞ்சம் முன்னால் போயிருந்தால்" என்று உங்கள் மனம் சொல்வது பச்சோந்திக் கதையேதான். வித்தியாசம், கதையில் தாமதித்தது ஒரு பிராணி, அதுவும் ஆதிகாலத்தில். வீட்டில் இருக்கும் யார் தலையிலும் பழி விழாது. அப்படியும் ஜூலு மக்களிடையே இழுபறி இருந்ததாக 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. சிலர் மெதுவாக வந்த பச்சோந்தியை வெறுத்தார்கள், வேறு சிலர் வேகமாக ஓடிவந்த பல்லியை.