43 பேருக்கு அனுப்பிய ஒரே மெசேஜ்

கேள்வி: லே-ஆஃபில் வேலை போய்விட்டது. தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். கெஞ்சுகிற மாதிரி இல்லாமல் எப்படிக் கேட்பது?

நீங்களும் ஐடி என்றே எடுத்துக்கொள்கிறேன். லே-ஆஃப் என்ற வார்த்தை எங்கள் ஆட்கள் வாயில்தான் இவ்வளவு சரளமாக வரும்.

எனக்கு சென்னையில், ஏழு வருட டெஸ்டிங் அனுபவத்தோடு போனது. மூன்று மணிக்கு மீட்டிங், மூன்றேகாலுக்கு லேப்டாப் லாக். அன்று ராத்திரியே 43 பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜைத் தட்டிவிட்டேன்: "வேலை போயிடுச்சு, எதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க, எந்த ரோலா இருந்தாலும் ஓகே, சம்பளம் பிரச்சினை இல்லை, வீட்டு லோன் வேற ஓடிட்டு இருக்கு." பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் "கண்டிப்பா பார்க்கிறேன்" என்றார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

முதல் கம்பெனியில் எனக்கு லீடாக இருந்த அக்கா மட்டும் போன் செய்து, "எந்த ரோலும் ஓகேன்னா நான் எந்த மேனேஜர்கிட்ட போய்டா உன் பேரைச் சொல்றது?" என்று கேட்டார். சுருக்கென்றது, ஆனால் விஷயம் அதுதான். ரெஃபர் செய்கிறவர் பெரும்பாலும் அவர்கள் உள் போர்ட்டலில் ஒரு குறிப்பிட்ட ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுத்துத்தான் நம் ரெஸ்யூமை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஓப்பனிங் எது என்று தேடும் வேலையை நான் 43 பேர் தலையில் கட்டியிருந்தேன். லோன் கதை வேறு. அதைப் படிக்கிறவருக்கு சங்கடம்தான் வருமே தவிர வேலை ஞாபகம் வராது.

இரண்டாவது முறை பன்னிரண்டு பேருக்கு மட்டும், தனித்தனியாக எழுதினேன். அக்காவுக்குப் போனது இது:

"வணக்கம்க்கா. போன மாசம் எங்க ப்ராஜெக்டை மூடினதுல எனக்கும் வேலை போயிடுச்சு. இப்போ சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் ரோல் தேடறேன், பேமெண்ட்ஸ் பக்கம், ஏபிஐ டெஸ்டிங் முக்கியமா. சென்னை, இல்லன்னா பெங்களூரு. உங்க கம்பெனியில ஒரு ஓப்பனிங் பார்த்தேன், ஜாப் ஐடியும் ரெஸ்யூமும் கீழே. ரெஃபர் பண்ண முடியுமா? முடியலன்னாலும் பரவாயில்லை, அந்த டீம்ல யார்கிட்ட பேசலாம்னு சொன்னா போதும். உடனே சேரலாம்."

வேலை போன கதைக்கு ஒரே வரி. மறைத்தால் பின்னால் எப்படியும் தெரியவரும், இழுத்தால் புலம்பலாகிவிடும். ரோலும் ஊரும் தெளிவாக இருப்பதால் அவர் இதை அப்படியே இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்யலாம். "முடியலன்னாலும்" என்ற வரியில் அவர் சங்கடமில்லாமல் மறுக்க வழி இருக்கிறது, அந்த வழி இருந்தாலே கெஞ்சல் தொனி பாதி போய்விடும். சம்பளத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. "குறைவாக இருந்தாலும் ஓகே" என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் பிறகு ஹெச்ஆரிடம் ஏற்றிக் கேட்க வாய் வராது.

ஆனால் அங்கேயும் சொதப்பினேன். அவசரத்தில் முந்தின நாள் ராத்திரியே அதே ஓப்பனிங்குக்கு நானே அப்ளை செய்திருந்தேன். அக்கா ஏற்றியபோது "இந்த நபர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார்" என்று வந்து ரெஃபரல் செல்லாமல் போய்விட்டது. பல கம்பெனிகளில் இப்படித்தான். ஏதாவது கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமை முன்பே அனுப்பியிருந்தாலும் இதே கதி, சில மாதங்களுக்கு அந்தப் பூட்டு திறக்காது. அதனால் ஆள் இருக்கும் கம்பெனி என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள், நான்கு நாள் பாருங்கள், அப்புறம் நீங்களே அப்ளை செய்யுங்கள்.

"உனக்கு ரெஃபர் செய்ய ஆள் இருந்தது, எங்களுக்கு யார் இருக்கிறார்கள்" என்று யாராவது வருவார்கள், தெரியும். எனக்குக் கடைசியில் வேலை வாங்கித் தந்தவர் நெருங்கிய நண்பர் இல்லை. நான்கு வருடம் முன்னால் ஒரு ரிலீஸுக்காக மூன்று வாரம் கூட உட்கார்ந்த டெவலப்பர். அவருக்கும் இதே மாதிரி மெசேஜ்தான், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதுவும் "ஏதாவது ஆச்சா?" என்று இல்லை, "இந்த வாரம் புதுசா ஒரு ஓப்பனிங் போட்டிருக்காங்க, ஐடி இது" என்று. மெசேஜ் எழுதத் தெரிந்தால் உடனே வேலை என்றும் நான் சொல்லவில்லை, எனக்கு மூன்றாவது மாதம்தான் ஆஃபர் வந்தது.

சொந்தக்காரர்களிடம் ரோல் பெயரெல்லாம் எடுபடாது. மாமாவிடம் "பேங்க் ஆப்ல பணம் சரியா போகுதான்னு சோதிக்கிற வேலை, அந்த மாதிரி கம்பெனியில யாராவது இருந்தா நம்பர் மட்டும் குடுங்க" என்றேன். அவர் "அன்னைக்கே பேங்க் எக்ஸாம் எழுதியிருக்கலாம்" என்றார். நம்பரும் கொடுத்தார்.

இதைவிட எனக்கு எரிச்சல் பழைய கம்பெனி மேல்தான். தூக்கியது அவர்கள், ராஜினாமா மெயில் மட்டும் நான் போட வேண்டுமாம். செட்டில்மெண்டில் லேப்டாப் சார்ஜர் வரவில்லை என்று 2,400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். சார்ஜரைக் கொடுத்த அன்று செக்யூரிட்டி கையெழுத்துப் போட்ட சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.