நாள்பட்டது என்றால் முற்றியதா?

அன்புள்ள டாக்டர்,

என் சித்தப்பாவுக்கு 54 வயது. மூன்று மாதமாக இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் பார்த்ததில் வெள்ளையணு 1,86,000. குரோனிக் மைலாய்டு லுகேமியா என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், வெள்ளிக்கிழமை எலும்பு மஜ்ஜை பயாப்ஸிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கவுன்ட் வெறும் 2,900தான். அவளுக்கு அக்யூட் லுகேமியா என்று சொல்லி அன்றே அட்மிட் செய்தார்கள். இவ்வளவு ஏறிய சித்தப்பாவை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? ‘நாள்பட்ட’ என்றால் கைமீறிவிட்டது என்று அர்த்தமா? முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று சித்தி அழுகிறார்.

– ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

சித்தியின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு. நல்லி எலும்பை உறிஞ்சும்போது வருகிறதே, அதுதான் மஜ்ஜை. சித்தப்பாவுக்கு ஊசி போகப்போவது இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழுமே, அந்த இடம். தண்டுவடம் அந்த மட்டத்துக்கு வெகு மேலேயே முடிந்துவிடுகிறது.

ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார்கள். தோலையும் எலும்பின் மேல்சவ்வையும் மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசியைத் திருகி உள்ளே இறக்குவார்கள். இதுவரை அழுத்தம்தான் தெரியும். அடுத்து சிரிஞ்சால் மஜ்ஜையை உறிஞ்சும்போது வலிக்கும், அதை மறைத்துப் பயனில்லை. எலும்புக்குள்ளே மரக்க வைக்க வழியில்லை. தொடை வரைக்கும் சுரீரென்று இழுக்கும், சில நொடிகளில் போய்விடும். அப்புறம் அதே இடத்தில் இன்னொரு ஊசியால் எலும்போடு சேர்த்து ஒரு துண்டு எடுப்பார்கள். ஈர்க்குச்சி கனம், ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம். அதுதான் பயாப்ஸி. உறிஞ்சி எடுத்தது அஸ்பிரேட். அஸ்பிரேட்டை ஓரிரு நாளில் பார்த்துவிடலாம். எலும்புத் துண்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கிய பிறகே சீவ முடியும் என்பதால் அந்த அறிக்கை வர ஒரு வாரம்கூட ஆகலாம்.

உறிஞ்சியதைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டுச் சாய்த்தால் ரத்தம் வழிந்தோடும், ரவை ரவையாக மினுங்கும் துகள்கள் தங்கும். எங்களுக்கு வேண்டியது அந்த ரவைதான். ரவை இல்லை என்றால் ஊசிக்குள் வந்தது பெரும்பாலும் வெறும் ரத்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கண்ணாடி வந்தது. ரவை இல்லாததைக் கவனித்தும், சிரத்தையாக 500 செல் எண்ணி ‘பிளாஸ்ட் 4 சதவீதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே இருந்ததால் வார்டு டாக்டர் அதை நம்பவில்லை. மறுபடி எடுத்தார்கள். பாதிக்கு மேல் பிளாஸ்ட். ரத்தம் கலந்து நீர்த்த மாதிரியை எண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான். சில சமயம் எவ்வளவு இழுத்தாலும் சொட்டுகூட வராது. மஜ்ஜையில் நார் படர்ந்திருந்தாலோ செல்கள் நெருக்கியடித்து அடைந்திருந்தாலோ அப்படி ஆகும். அப்போது அந்த ஈர்க்குச்சித் துண்டைக் கண்ணாடி மேல் உருட்டி, ஒட்டியதைப் பார்ப்போம்.

சரி, பிளாஸ்ட் என்பது என்ன? நீங்கள் நெல் விளையும் ஊர்க்காரர், எளிதில் புரியும். மஜ்ஜை ஒரு நாற்றங்கால். பிளாஸ்ட் அதில் முளைத்த இளம்பயிர். அது படிப்படியாக முதிர்ந்த பிறகே வெள்ளையணுவாக ரத்தத்துக்கு வரும். நல்ல மஜ்ஜையில் பிளாஸ்ட் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். அக்யூட்டில் முதிர்வது நின்றுபோகிறது. இளசுகள் மட்டும் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் இடமில்லாமல் போகிறது. உங்கள் தெருப்பெண்ணின் மஜ்ஜை நிறைய பிளாஸ்ட் இருந்தும், அவை வெளியே வராததால் கவுன்ட் 2,900இல் நின்றிருக்கலாம். ஆனால் கிருமியோடு சண்டை போட ஆள் இல்லை, ரத்தம் உறையத் தட்டணு இல்லை. அன்றே அட்மிட் செய்ததன் காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

குரோனிக் மைலாய்டில் முதிர்வது நிற்பதில்லை, அளவுதான் கட்டுக்கடங்காமல் போகிறது. சித்தப்பாவின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று எல்லாப் பருவமும் வரிசையாகத் தெரியும். பெரும்பாலானவை முதிர்ந்தவை, ஓரளவு வேலையும் செய்பவை. மிகுந்துபோனவை மண்ணீரலில் போய் அடைவதால்தான் விலாவுக்குக் கீழே பாரம். இதே 1,86,000மும் பிளாஸ்ட்டாக இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை வரை விட்டிருக்கமாட்டார்கள். அவை பெரியவை, ஒட்டும் தன்மை கொண்டவை, மூளையிலும் நுரையீரலிலும் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

‘நாள்பட்ட’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு எப்போதுமே உறுத்தல். கவனிக்காமல் விட்டு முற்றிப்போன புண் மாதிரி கேட்கிறது. அக்யூட், குரோனிக் என்பதெல்லாம் மருந்தில்லாத காலத்தில் நோயாளி வாரக்கணக்கில் போனாரா, வருடக்கணக்கில் இருந்தாரா என்பதை வைத்து இட்ட பெயர்கள். இப்போது பிரிப்பது செல்லின் பருவத்தை வைத்து. அப்படிப் பார்த்தால் குரோனிக்கில் முற்றியிருப்பது அணுதான், நோய் அல்ல.

கோடு எங்கே விழுகிறது? மைலாய்டு வகையில் பிளாஸ்ட் 20 சதவீதத்தை எட்டினால் அக்யூட். 1976இல் வகுத்த முறையில் இது 30ஆக இருந்தது, 2001இல் உலக சுகாதார நிறுவனம் 20க்கு இறக்கியது. 19க்கும் 21க்கும் நடுவே இயற்கை சுவர் ஒன்றும் கட்டிவைக்கவில்லை. குறிப்பிட்ட சில குரோமோசோம் மாற்றங்கள் இருந்தால் 20க்குக் கீழேயே அக்யூட் என்று சொல்லிவிடுவோம்.

ரத்தத்திலேயே இவ்வளவு தெரியும்போது மஜ்ஜை எதற்கு என்று கேட்பீர்கள். குரோனிக் மைலாய்டுக்கு அடையாளம் பிலடெல்பியா குரோமோசோம். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாவது, 1960இல் அந்த ஊரில் கண்டுபிடித்தார்கள். BCR-ABL1 என்ற அதன் கலப்பு மரபணுவை ரத்தப் பரிசோதனையிலேயே பிடித்துவிடலாம். ஆனால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு மஜ்ஜையைப் பார்த்தாக வேண்டும். குரோனிக்காகத் தொடங்கியதே பிளாஸ்ட் பெருகி 20ஐ எட்டினால் அக்யூட் போலவே நடந்துகொள்ளும். அப்போது வைத்தியமும் வேறு. கூடுதல் குரோமோசோம் கோளாறுகள் சேர்ந்திருக்கின்றனவா என்பதும் மஜ்ஜையில்தான் சரியாகத் தெரியும். சித்தப்பாவுக்குப் பிளாஸ்ட் இரண்டு, மூன்று சதவீதம் என்று வந்து, பிலடெல்பியாவும் இருந்தால் இமாட்டினிப் போன்ற மாத்திரையில் ஆரம்பிப்பார்கள். 2001இல் வந்த மருந்து அது. அதற்கு முன்பு இதே நோய் பலருக்குச் சில வருடங்களில் அக்யூட்டாகத் திரும்பிவிடும். இன்று மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

அறிக்கை வந்ததும் ‘பிளாஸ்ட்’ வரியைத் தேடுவீர்கள். அதற்கு முன்னால் மாதிரியில் துகள்கள் இருந்தனவா என்ற வரியைப் பாருங்கள். இல்லை என்று எழுதியிருந்தால் அந்தச் சதவீதத்தை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், எலும்புத் துண்டு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

சித்தப்பா இதயத்துக்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. கட்டு நனையும் அளவுக்கு ரத்தம் கசிந்தால் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்த இடத்தின் கீழே துண்டை இறுக்கி மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.